மிக்ஸரா, இன்ஜெக்டரா: பெட்ரோல் காரில் எல்பிஜி

தேக்காவில் தேநீர் குடிக்கும்போது நண்பர் கேட்டார்: மதுரையில் தம்பியின் காருக்கு எந்த எல்பிஜி கிட் போடலாம்?

மிக்ஸர், இன்ஜெக்டர் என்று இரண்டு வகை. இரண்டு கிட்டிலும் முன்பாதி ஒன்றுதான். டாங்கியை 80 சதவீதம் வரைதான் நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். அது குழாய் வழியே வேப்பரைசருக்கு வந்து, எஞ்சினின் சூடான கூலன்ட் நீரால் வாயுவாகிறது. வேப்பரைசர்மேல் பனி படிந்தால் சூடான நீர் சரியாக வரவில்லை என்று அர்த்தம். முதலில் ரேடியேட்டரில் நீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கப்புறம்தான் வித்தியாசம்.

செலவு: மிக்ஸர் மலிவு. இன்ஜெக்டருக்குத் தனிக் கணினி, சென்சார் எல்லாம் வேண்டும்.

வேலை: மிக்ஸரின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுத்து வாயுவை உறிஞ்சுகிறது. இன்ஜெக்டர் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டர் வாசலிலும் வாயுவை அளந்து விடுகிறது.

ஆபத்து: மிக்ஸரில் உள்ளிழுக்கும் குழாய் முழுக்க வாயுக் கலவை நிற்கும். தேய்ந்த ஸ்பார்க் பிளக் ஒருமுறை தவறினால் 'டப்' என்று பின்வெடித்து, ஏர் ஃபில்டர் பெட்டியையே பிளந்துவிடலாம். இன்ஜெக்டரில் அங்கே வாயு மிகக் குறைவு.

பெட்ரோலில் ஓடும்போது: மிக்ஸர் காற்றுவழியைச் சற்று அடைப்பதால் இழுவை குறையும். இன்ஜெக்டரில் அந்தக் குறை இல்லை.

தம்பியுடையது கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800. அதற்கு மிக்ஸரே போதும், பிளக்கை மட்டும் நேரத்துக்கு மாற்றட்டும் என்றேன். உள்ளிழுக்கும் குழாய் பிளாஸ்டிக்கில் உள்ள புதிய கார் என்றால் மிக்ஸர் வேண்டவே வேண்டாம்.