கோத்தகிரி வீட்டு சோலாரை லண்டனிலிருந்து பார்க்க முடிந்த கதை

மூன்று வாரம் விடுப்பு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போதே அப்பாவிடம் கேட்டுவிட்டேன்: "சோலார் ஓடுதாப்பா?" "ஓடுதுன்னுதான் நெனைக்கிறேன், தெரியலப்பா" என்றார். பிப்ரவரி 3-ஆம் தேதிக்குப் பிறகு லண்டனில் என் போனில் இருந்த செயலி தினமும் Offline என்று மட்டுமே காட்டிக்கொண்டிருந்தது. நான் ஊர் வந்தது ஏப்ரல் 28.

எங்கள் வீட்டில் 540 வாட் பேனல் ஆறு, 3 கிலோவாட் இன்வெர்ட்டர். வீட்டுக் கூரைமேல் சவுக்கு மரங்களின் நிழல் விழும் என்பதால் பேனல்களைத் தோட்டத்துக் கொட்டகைமேல் போட்டார்கள். இன்வெர்ட்டரும் கொட்டகைச் சுவரில்தான். அதன் அடியில் விரல் நீளத்துக்குத் தொங்குவதுதான் வைஃபை ஸ்டிக். அது இன்வெர்ட்டரிடம் கணக்கைக் கேட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டு வைஃபை வழியாக கம்பெனியின் சர்வருக்கு அனுப்புகிறது. செயலி படிப்பது அந்த சர்வரைத்தான், இன்வெர்ட்டரை அல்ல. அதனால் Offline என்றால் கணக்கு வந்து சேரவில்லை என்று மட்டுமே பொருள், கரண்ட் உற்பத்தி நின்றுவிட்டது என்று அல்ல. இரவில் பேனல் கரண்ட் இல்லாமல் எங்கள் இன்வெர்ட்டர் தூங்கிவிடும், ஸ்டிக்கும் கூடவே அணைந்துவிடும். மாலை ஏழு மணிக்கு Offline என்று பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போய் இன்வெர்ட்டரின் சின்னத் திரையில் மொத்த உற்பத்தியைப் பார்த்தேன். 2,736 யூனிட். செயலியில் கடைசியாகப் பதிவான மொத்தம் 1,812. இடையில் 84 நாளில் 924 யூனிட், அதாவது நாளுக்கு 11. பனிக்காலமும் கோடையுமாக வெயில் நன்றாக இருக்கும் மாதங்கள், 3 கிலோவாட்டுக்கு இது நல்ல கணக்கு. அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அப்படியானால் தொடர்பு ஏன் அறுந்தது? ஸ்டிக்கில் மூன்று சின்ன விளக்குகள். COM எரிந்தது, அதாவது இன்வெர்ட்டரோடு பேச்சு சரி. NET எரியவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் புது ஃபைபர் இணைப்பு போட்டிருந்தார்கள். ரூட்டர் மாறியது, வைஃபை பெயரும் மாறியது. ஸ்டிக் இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது.

காலை பத்து மணி வெயிலில் உட்கார்ந்தேன் (இதைப் பகலில்தான் செய்ய முடியும்). ஸ்டிக் தானாக AP_ என்று தொடங்கி தன் சீரியல் எண்ணோடு ஒரு வைஃபை போடும். போனை அதில் சேர்த்ததும் "இணையம் இல்லை" என்று சொல்லி போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிட்டது. டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி சேர்ந்து, பிரவுசரில் 10.10.100.254 அடித்ததும் ஸ்டிக்கின் பக்கம் திறந்தது. புது வைஃபையைத் தேர்ந்து கடவுச்சொல் கொடுத்தேன். பிடித்தது, இரண்டு நிமிடத்தில் விட்டது. இந்த ஸ்டிக்குக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். புது ரூட்டரோ 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, WPA3 பாதுகாப்பும் கலந்து போட்டிருந்தது. ரூட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்து, பாதுகாப்பை WPA2 என்று மாற்றினேன். NET விளக்கு நிலையாக எரிந்தது. அந்தத் தனிப் பெயருக்கும் கடவுச்சொல்லுக்கும் அப்பாவின் டைரியில் இருந்த பழையதையே வைத்திருந்தால் கொட்டகைக்கே போயிருக்க வேண்டாம், ஸ்டிக் தானாகச் சேர்ந்திருக்கும். இது அப்புறம்தான் தோன்றியது. செயலியில் மொத்தம் சரியாகிவிட்டது, இடைப்பட்ட 84 நாள் வரைபடம் வெறுமையாகவே நிற்கிறது.

இன்னொரு வேலையும் இருந்தது. சோலார் போட்டவர்கள் செயலியின் பயனர் கணக்கைத் தங்கள் பெயரில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பார்வையாளர் உரிமை மட்டும் கொடுத்திருந்தார்கள். அதில் வோல்டேஜ் பக்கம் திறக்காது. மூன்று முறை போன் செய்து, உரிமையாளராக மாற்றச் சொல்லி வாங்கினேன். புதிதாகப் போடுகிறவர்கள் பணத்தின் கடைசித் தவணை கொடுக்கும் முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அந்த வோல்டேஜ் பக்கம் இல்லாவிட்டால் அடுத்ததைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல், மேகமில்லாத வானம். ஆனால் வரைபடம் பல் போன சீப்பு மாதிரி இருந்தது: 2.5 கிலோவாட், சுழியம், மறுபடி 2.5, சுழியம். பனிமூட்டம் வந்தால் கோடு இறங்கும், தரைதொடாது. கரண்ட் போனால் ரூட்டரும் அணைந்துவிடும், வரைபடத்தில் பதிவே இருக்காது. இங்கே பதிவு இருக்கிறது, உற்பத்திதான் இல்லை.

வோல்டேஜைப் பார்த்தேன். 2.5 கிலோவாட் ஓடும்போது 252, 253. சுழியத்தில் 247. நம் ஊர் விதிப்படி 230-க்கு 10 சதவீதம் மேலே, அதாவது 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் மின்வாரிய லைனைவிட்டு விலக வேண்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடி சேரும், மறுபடி தாண்டும். ஞாயிறன்று பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஓடாது, லைனில் இழுவை குறைந்து வோல்டேஜ் ஏறிவிடுகிறது.

ஆனால் உற்பத்தி ஓடும்போது மட்டும் ஆறு வோல்ட் கூடுவது ஏன்? எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வந்தார். இன்வெர்ட்டரில் 253 காட்டிய அதே நேரத்தில் மீட்டர் பெட்டியில் அளந்தார், 248. ஐந்து வோல்ட் எங்கள் சொந்த ஒயரிலேயே. கொட்டகையிலிருந்து மீட்டருக்கு 35 மீட்டர், இழுத்திருந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். போக வர 70 மீட்டரில் அதன் தடை அரை ஓம். பத்து ஆம்பியர் போனால் ஐந்து வோல்ட், கணக்கு நேராகப் பொருந்தியது. "அண்ணா, கரண்டைத் தாங்கும் ஒயர்தான், ஆனா இவ்வளவு தூரத்துக்கு ஆகாது" என்றார். இரு பக்க சுவிட்சையும் அணைத்துவிட்டு 6 சதுர மில்லிமீட்டர் ஒயராக மாற்றினார். ஒரு பகல் வேலை.

மீட்டரிலேயே 253 காட்டியிருந்தால் ஒயரை மாற்றிப் பயனில்லை, அப்போது மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. செயலியில் மாதம் 330 யூனிட் என்றால் பில்லில் ஏன் அவ்வளவு கழியவில்லை? செயலி காட்டுவது உற்பத்தி மட்டும். பகலில் கீசரும் மோட்டாரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் மீட்டர் வழியாக வெளியே போகிறது. இருவழி மீட்டரில் வெளியே போன கணக்கைத் தனியாகக் காட்டினேன், தேதி போட்டு டைரியில் எழுதிக்கொண்டார்.

லண்டன் திரும்பி முதல் ஞாயிறு. இங்கே காலை ஏழரை, அங்கே பன்னிரண்டு. 2.5 கிலோவாட், 250 வோல்ட். கோடு எங்கும் உடையவில்லை.