கார் லோன் முடிந்தது, ஆனால் வண்டியின் உரிமைச் சான்றான கிராண்டில் வங்கியின் பெயர் போக மூன்று மாதம் ஆனது

2016 ஏப்ரலில் முதல் தவணை கட்டிய மைவி. 42,000 மலேசிய வெள்ளி லோன், 3.2 விழுக்காடு, 9 வருடம். ஒப்பந்தப்படி 2025 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டும். 2020இல் கோவிட் நேரத்தில் ஆறு மாதம் தவணையை ஒத்திவைத்தார்கள் அல்லவா, அந்த ஆறு மாதமும் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டதால் செப்டம்பர் வரை இழுத்தது. செப்டம்பரில் 108வது தவணை போனதும் அன்றைக்கே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனை நிறுத்திவிட்டு வீட்டில் பாயசம் வைத்தோம். அவசரப்பட்டுவிட்டேன்.

ஒரு மாதமாகியும் வங்கியிலிருந்து கடிதம் வரவில்லை. என் மச்சான் அந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருந்தார், பெயர் மாற்றலாம் என்று விசாரித்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் கணினியில் வங்கியின் உரிமைக் கோரிக்கை அப்படியே நிற்கிறது. மலாயில் துந்துத்தான் ஹக் மிலிக் என்பார்கள். அது நீங்காமல் பெயர் மாற்றவே முடியாது.

வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு "அண்ணே, இன்னும் 14 வெள்ளி 35 காசு பாக்கி இருக்கு" என்றார். ஒன்பது வருடம் கட்டியவனுக்குப் பதினாலு வெள்ளி பாக்கியா? கோபம் வந்தது உண்மை. ஆனால் முழுக் கட்டண வரலாற்றையும் அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கி, வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது கணக்கு சரியாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். லோனும் வட்டியும் சேர்த்து 54,096 வெள்ளி. 108ஆல் வகுத்தால் முழு எண் வராது, அதனால் மாதம் 501 என்று வைத்து, கடைசித் தவணையை மட்டும் 489 ஆக்கியிருந்தார்கள். நான் அதற்கும் 501 கட்டிவிட்டேன், ஆக 12 வெள்ளி எனக்குத்தான் கூடுதல். ஆனால் 2017இல் வேலை மாறியபோது சம்பளம் மாதக் கடைசிக்குப் போனதால், 8ஆம் தேதி கட்ட வேண்டியதை அந்த வருடம் முழுக்க 28ஆம் தேதி கட்டியிருக்கிறேன். தாமதக் கட்டணம் வருடத்துக்கு 8 விழுக்காடு, தாமதமான நாள்களுக்கு மட்டும். 501 வெள்ளிக்கு 20 நாள் என்றால் சுமார் 2 வெள்ளி 20 காசு. பன்னிரண்டு மாதத்துக்கு 26.35. அதில் என்னுடைய 12ஐக் கழித்தால் 14.35. மாதா மாதம் தவணை மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததால் இது எங்கேயோ ஒரு மூலையில் எட்டு வருடம் தூங்கியிருக்கிறது. எனக்கு ஒருமுறைகூட நினைவூட்டல் வந்ததாக ஞாபகம் இல்லை, அதுதான் என் குறை.

அதனால் கடைசித் தவணைக்கு முந்தின மாதமே வங்கியைக் கூப்பிட்டு "கணக்கை மூட மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். "இன்னும் எத்தனை தவணை?" என்று கேட்டால் அதற்கு மட்டும்தான் பதில் வரும்.

14.35ஐக் கட்டி ரசீது வாங்கினேன். இரண்டு வாரத்தில் விடுவிப்புக் கடிதமும், அவர்கள் பிடித்து வைத்திருந்த அசல் கிராண்டும் வந்தன. சில வங்கிகள் கோரிக்கையை அவர்களே இணையம் வழி ரத்து செய்துவிடுகின்றன, எனக்கு வந்த கடிதத்திலோ நீயே ஜேபிஜேவுக்குப் போ என்று இருந்தது. சரி என்று கிளம்பும்முன் கடிதத்தையும் கிராண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வண்டி எண் சரி, இன்ஜின் எண் சரி. சேசிஸ் எண்ணில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ எழுத்து. பதினேழு இலக்கச் சேசிஸ் எண்ணில் ஓ வரவே வராது, பூஜ்யத்தோடு குழம்பும் என்பதற்காகவே அந்த எழுத்தைத் தவிர்த்திருக்கிறார்கள். கவுண்டரில் திருப்பி அனுப்பினால் ஒரு நாள் லீவு போச்சு. வங்கிக்குத் திரும்ப அலைந்து, திருத்திய கடிதம் வர இன்னும் பத்து நாள்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வங்சா மாஜு ஜேபிஜேவில் கடிதம், கிராண்ட், அடையாள அட்டை மூன்றையும் கொடுத்தேன். காத்திருந்த நேரம்தான் அதிகம், வேலை சில நிமிடம். புதிதாக அச்சடித்த கிராண்டை கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே படித்தேன். என் பெயர் மட்டும், வங்கியின் பெயர் எங்குமே இல்லை. கடிதம் கையில் இருப்பதால் மட்டும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள், இந்தத் தாளைப் பார்த்தால்தான் முடிந்தது.

மச்சான் இதற்குள் வேறு கார் வாங்கிவிட்டார். வண்டி என்னிடமே நிற்கிறது, அதனால் ஜனவரியில் காப்புறுதி புதுப்பித்தேன். அதிலும் வங்கியின் பெயர் பழையபடியே வந்து நின்றது. அப்படியே விட்டிருந்தால், வண்டி முழுதாகப் போகும் விபத்தில் இழப்பீடு முதலில் வங்கியைத்தான் தேடிப் போகும். முகவருக்குப் புது கிராண்டின் படத்தை அனுப்பினேன், மறுநாள் எடுத்துவிட்டார்.