தவிர்க்க முடியாத விளம்பரமா, 'இன்னும் பார்க்கிறீர்களா?' கேள்வியா: எந்த மீம் நன்றாகக் கடிக்கிறது?

இரண்டிலும் பார்வையாளர்தான் பலி. ஆனால் மாட்டிக்கொள்ளும் விதம் வேறு.

யூடியூபில் சாதாரண விளம்பரத்தை 5 விநாடியில் தாண்டிவிடலாம். தாண்ட முடியாத வகை பெரும்பாலும் 15 விநாடி ஓடும். இதன் மீம்கள் அவசரத்தை வைத்தே எழுகின்றன: அடுப்பில் தீப்பிடித்திருக்கிறது, அணைப்பது எப்படி என்று தேடினால் முதலில் ஷாம்பு விளம்பரம். சிரிப்பு வருகிறது, ஆனால் அடுப்புக்குப் பதில் பாம்பு என்று மாற்றினால் அடுத்த மீம் தயார். அதனால் சீக்கிரம் சலித்துவிடும்.

நெட்ஃபிளிக்ஸ் கேள்வியின் கதை வேறு. எந்தப் பொத்தானையும் தொடாமல் தொடர்ந்து 3 எபிசோடு ஓடினால் அது வந்து நிற்கும். தூங்கிவிட்டவருக்காக வைத்த ஏற்பாடு. மாட்டுவதோ முழு விழிப்பில் இருப்பவர். ரிமோட் போர்வைக்குள் எங்கோ கிடக்கிறது, இருண்ட திரையில் கலைந்த தலையோடு அவர் முகமே தெரிகிறது. மீம் போடுபவர்கள் பிடித்துக்கொண்டது அந்த முகத்தைத்தான். விளம்பரத்தைத் திட்டலாம், இங்கே யாரைத் திட்டுவது? கேள்வி நியாயமானது, பதில்தான் அவமானம்.

என் ஓட்டு இதற்கே. ஷாம்புக்காரர் மன்னிக்கவும்.