நாள் நோட்டா, பயிருக்கு ஒரு பக்கமா, போன் கணக்கா?

எங்களுக்குச் செஞ்சி பக்கம் ஒரு ஏக்கர் சம்பா, அரை ஏக்கர் மணிலா, ஒரு கறவை மாடு. மூன்று விதமாகவும் கணக்கு எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றிலும் ஓட்டை இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில்.

அப்பா எழுதியது நாள் நோட்டு. தேதி, விவரம், வரவு, செலவு, அவ்வளவுதான். இதன் பலம், எழுதுவது நிற்காது. கையில் வந்ததும் போனதும் மட்டும்தானே, ராத்திரி சாப்பிட்ட பிறகு இரண்டு நிமிட வேலை. பலவீனமும் அதேதான்: கைக்கு வராத பணம் நோட்டுக்கும் வராது.

உதாரணத்துக்கு ஒரு பட்டம் பார்ப்போம். கூட்டுறவு சங்கத்தில் நெல்லுக்கு 30,000 ரூபாய் பயிர்க்கடன், அதில் 6,000 உரமாகவே தருகிறார்கள், மீதி 24,000 பணம். உழவு, நடவு, களை, அறுவடை எல்லாம் சேர்த்துக் கைச்செலவு 22,000. மூட்டை 1,500 வீதம் 24 மூட்டை விற்று 36,000 வரவு. அறுவடை முடிந்ததும் நாள் நோட்டைக் கூட்டினால் 38,000 மிச்சம் என்று காட்டும். உண்மையில் உரத்தையும் சேர்த்தால் செலவு 28,000, லாபம் 8,000தான். மற்ற 30,000 சங்கத்துடையது. கடனைக் கட்டிய பிறகு பார்த்தால் நோட்டும் சரியாக 8,000 காட்டிவிடும், அதனால்தான் பலருக்கு இந்தத் தப்பு தெரிவதே இல்லை. கெடு வரைக்கும் சில மாதம் இருக்கிறதே என்று அந்தப் பணத்தில் மணிலா விதை வாங்கி, அப்புறம் நகையை வைத்துச் சங்கக் கடனை அடைத்தோமே, அந்த வருஷம் எந்தப் பயிர் சம்பாதித்தது, எது தின்றது என்று நோட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியவில்லை.

சரி, பயிருக்கு ஒரு பக்கம் போட்டால்? நெல் பக்கத்தில் உரம் 6,000 என்று கடன் உரத்தையும் எழுதலாம், அசல் வரவிலும் வராது செலவிலும் வராது, வட்டி இருந்தால் அது மட்டும் செலவு. லாபம் பளிச்சென்று தெரியும். ஆனால் டிராக்டர்காரர் ஒரே நாளில் இரண்டு கொல்லையும் உழுதுவிட்டு மூன்று மணி நேரத்துக்குப் பணம் வாங்கிப் போவார், டிஏபி ஒரு மூட்டையில் பாதி அங்கே பாதி இங்கே போகும். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று யோசித்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டு, மாசியில் நோட்டைத் திறந்தால் மார்கழியோடு நின்றிருக்கும். எனக்கு இரண்டு வருஷம் அப்படித்தான் ஆனது.

மாடுதான் இந்த முறைக்கு உண்மையான பரீட்சை. பால் சொசைட்டியில் ஒரு நாளைக்கு 6 லிட்டர், லிட்டர் 35 என்றால் பத்து நாளுக்கு 2,100. அதில் தீவன மூட்டைக்கு 1,300 பிடித்துக்கொண்டு 800 தருவார்கள். நாள் நோட்டில் "பால் 800", தீவனம் எங்கேயும் இல்லை. மாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தால் வரவு 2,100, செலவு 1,300 என்று எழுதலாம், தீவனம் விலை ஏறினால் உடனே கண்ணில் படும். வைக்கோலும் அப்படி: 30 கட்டு, விற்றால் கட்டுக்கு 150. அந்த 4,500 நெல்லுக்கு வரவு, மாட்டுக்குச் செலவு. இதை எழுதாவிட்டால் நெல் 8,000தான் தந்தது என்று நினைப்போம், எழுதினால் 12,500. மாட்டு எரு கொல்லைக்குப் போகிறதே என்றால் அது எதிர்த்திசைக் கணக்கு, அதையும் டிப்பர் விலைக்குப் போடுங்கள். இன்னொன்று, மாட்டுக்குப் பட்டம் கிடையாது. கன்று போட்ட நாளிலிருந்து அடுத்த கன்று வரைக்கும் பார்க்க வேண்டும், பால் வற்றிய இரண்டு மாதமும் தின்னத்தானே செய்கிறது. கறக்கிற மாதங்களை மட்டும் கூட்டினால் எந்த மாடும் நல்ல மாடுதான்.

போனில் எழுதுவது கூட்டலுக்குக் கெட்டி. தினமும் எழுத உதவாது, சேற்றுக் கையோடு திரையைத் தொடுகிற எரிச்சல் எனக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

இப்போது நாள் நோட்டையே வைத்திருக்கிறேன், கூட ஒரு கட்டம்: நெல், மணிலா, மாடு, வீடு, பொது என்பதற்கு நெ, ம, மா, வீ, பொ. டிராக்டர் கூலியை மணிக்கணக்கில் அன்றைக்கே இரண்டு வரியாகப் பிரித்துவிடுவேன், பிரிக்க முடியாத மோட்டார் ரிப்பேர் மாதிரி செலவுக்குப் பொ. கடன் உரம், பிடித்த தீவனம், வைக்கோல் இதெல்லாம் கைக்கு வராதவை, அதனால் இவற்றுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். கடன் வாங்கியதும் கட்டியதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக. பட்டம் முடிந்ததும் ஒருநாள் உட்கார்ந்து போனில் ஏற்றி, எழுத்து C நெடுவரிசையிலும் செலவு D நெடுவரிசையிலும் இருந்தால், நெல் செலவு மொத்தத்துக்கு:

```
=SUMIF(C:C,"நெ",D:D)
```

வீட்டுக்கு எடுத்த ஒரு லிட்டர் பாலை எழுதுவதா வேண்டாமா என்று மட்டும் வீட்டில் இன்னும் சண்டை. நான் எழுதுகிறேன், வரவில் மா, செலவில் வீ.