கரிசலில் இரும்புக் குழாய்: டேப்பா, மூன்றடுக்குப் பாலித்தீனா, சிமென்ட் பூச்சா?

கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி எருத்தேம்பதிப் பக்கம் போனால் மண் கறுத்துவிடும். கேரளத்தில் கரிசல் மண் என்று சொல்லும்படி இருப்பது சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு மூலைதான். இங்கே தண்ணீர்க் குழாய் பதிக்கும் ஒரு வேலையில் எந்தப் பூச்சைப் போடுவது, மண் வழியாகக் குழாய்க்கு மெல்லிய மின்சாரம் விட்டு அரிப்பைத் தடுக்கும் மின்காப்பில் எதை அதோடு சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. 610 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. தடிமன், 4 கி.மீ. நீளம்.

முதலில் மண்ணை அளந்தோம். நான்கு கம்பிகளை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஒரே கோட்டில் அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டிலும் மின்சாரம் விட்டு, நடுக்கம்பிகளுக்கு இடையில் மின்னழுத்தத்தைப் பார்ப்பதுதான் முறை. மழைக்குப் பிறகு 0.9 ஓம் வந்தது. 2 × 3.14 × 1.5 × 0.9 என்று போட்டால் சுமார் 8.5 ஓம்-மீட்டர், அதாவது 850 ஓம்-செ.மீ. ஆயிரத்துக்குக் கீழே வந்தாலே இரும்பைத் தின்னும் மண் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே இடத்தைக் கோடையில் அளந்திருந்தால் மேல்மண் காய்ந்துபோய் எண் நன்றாக வந்திருக்கும், நாமும் ஏமாந்திருப்போம்.

ஆனால் இந்த மண்ணில் அரிப்பைவிட எனக்குப் பெரிய கவலை அதன் அசைவு. பக்கத்துத் தோப்புக்காரர் ஒரு பெரியவர் வேலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இந்த மண்ணு வெயில்ல வாயப் பொளக்கும், மழ பேஞ்சா எல்லாத்தையும் கட்டிப் புடிச்சுக்கும். வேலிக்கல்லயே சாய்ச்சுப்போடுது பாருங்க." டேப் சுற்றிய குழாயின் விதியும் அதுதான்.

டேப் என்பது பசை தடவிய பாலித்தீன் நாடா. குழாய்க்கு பிரைமர் அடித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி சுற்றுவார்கள். விலை குறைவு, சைட்டிலேயே சுற்றலாம், சின்ன காண்ட்ராக்டருக்கும் கைவரும். பதித்த புதிதில் நன்றாகவே இருக்கும். அப்புறம் ஒவ்வொரு பருவத்திலும் மண் உப்பிச் சுருங்கி நாடாவைப் பிடித்து இழுக்கும். பசை மெல்ல நகர்ந்து, குழாயின் இரு விலாவிலும் கீழ்ப்பக்கமாக மடிப்பு விழும். சுருள் வெல்டிங் குழாயாக இருந்தால் வெல்டு மேட்டின் இரு ஓரத்திலும் நாடா கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கில் தண்ணீர் புகும்.

அருகிலேயே அப்படி ஒரு பழைய லைன் இருந்தது. டேப் பூச்சு, லைன் கரண்டை நேர்மின்சாரமாக்கித் தரும் ரெக்டிஃபையர் வைத்த மின்காப்பு, ஒன்பது வருஷ வயது. சோதனைக் கம்பத்தில் மின்சாரத்தைத் துண்டித்த அந்தக் கணத்தில் எடுத்த அளவு, மண்மேல் வைத்த செம்பு–செம்பு சல்பேட் செல்லுக்கு எதிராக, மைனஸ் 1.05 வோல்ட். மைனஸ் 0.85 போதும் என்பதுதான் விதி. ஆக, பதிவேட்டின்படி குழாய் பத்திரமாக இருந்தது. மண்ணுக்குள் அது ஒழுகிக்கொண்டிருந்தது.

தோண்டியபோது மடிப்புக்குள் கறுப்புக் கசடும் தண்ணீரும் இருந்தன. அந்தத் தண்ணீரில் பி.எச். தாளை நனைத்தோம்: 7. காரணத்தை இந்த எண்ணே சொல்லிவிட்டது. காப்பு மின்சாரம் இரும்பை எட்டினால் அங்கே காரம் சேர்ந்து பி.எச். 10, 11 என்று ஏறும். ஏறவில்லை என்றால் மின்சாரம் உள்ளே போகவே இல்லை. பாலித்தீன் மின்சாரத்தை விடாத பொருள், அதனால் பசை விட்டுப்போனாலும் அது ஒரு திரையாக நின்று மின்சாரத்தைத் தடுக்கும். மேலே வைத்த செல், வெளியே திறந்து கிடக்கும் ஓட்டைகளைத்தான் பார்க்கும், திரைக்குப் பின்னால் நடப்பது அதற்குத் தெரியாது. மண்ணின் மேலிருந்தே பூச்சின் ஓட்டையைத் தேடும் கருவிகளுக்கும் இந்த மடிப்பு பெரும்பாலும் அகப்படாது. தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது மூன்றடுக்குப் பாலித்தீன். தொழிற்சாலையில் குழாயை மணலடித்துச் சூடாக்கி, எப்பாக்சிப் பொடி, அதன்மேல் பசை, அதன்மேல் பாலித்தீன் என்று மொத்தம் 3 மி.மீ. அளவுக்கு ஏற்றுவார்கள். எப்பாக்சி இரும்போடு ஒட்டிக்கொள்வதால் மண்ணின் இழுப்புக்கு இது அசைவதில்லை. 25 கிலோவோல்ட் ஹாலிடே டிடெக்டரை ஓட்டினால் ஊசி முனை ஓட்டைகூட பொறி தெறித்துக் காட்டிக்கொடுக்கும்.

இதன் பலவீனம் மூட்டில் இருக்கிறது. 12 மீட்டர் குழாய் என்றால் 4 கி.மீ.யில் 330க்கு மேல் வெல்டு. ஒவ்வொன்றின் மேலும் சூட்டில் சுருங்கும் சட்டை ஒன்றை மாட்ட வேண்டும். அதை மாட்டுமுன் இரும்பை மணலடித்து, போதுமான அளவு சூடாக்காமல், பர்னரைச் சட்டைக்கு மட்டும் காட்டினால் அது பார்க்க அழகாக இறுகும், உள்ளே ஒட்டியிருக்காது. அப்புறம் டேப்பில் பார்த்த கதைதான் திரும்பவும். எனவே சூட்டைத் தெர்மாமீட்டரால் அளந்து எழுதச் சொன்னோம். தினமும் ஒரு மூட்டில் ஒரு பட்டையை அறுத்து உரித்துப் பார்த்தோம். பசை இரும்பிலும் சட்டையிலும் பாதிப் பாதியாகக் கிழிந்து வந்தால் சரி. இரும்பு பளிச்சென்று தெரிந்தால் அன்றைய மூட்டுகள் எல்லாம் திரும்ப.

மின்காப்பின் கணக்கும் பூச்சைப் பொறுத்தே மாறுகிறது. இந்தக் குழாயின் வெளிப்பரப்பு சுமார் 7,660 சதுர மீட்டர். பூச்சே இல்லாமல் சதுர மீட்டருக்கு 20 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் 150 ஆம்பியர் வேண்டும். யாரும் செய்ய மாட்டார்கள். வயதான டேப்புக்கு 0.5 என்று வைத்தால் 3.8 ஆம்பியர், மூன்றடுக்குக்கு 0.1 என்று தாராளமாக வைத்தாலும் 0.77.

3.8 ஆம்பியருக்கு ரெக்டிஃபையர்தான் சரி. ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும், ஆள் போய்ப் பார்க்க வேண்டும். ஃப்யூஸ் போய் மாதக்கணக்கில் கிடந்த பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். மின்சாரத்தை மண்ணுக்குள் விடும் அதன் ஆனோடு படுகைக்குப் பக்கத்தில் போர்வெல்லின் இரும்புக் கேசிங் இருந்தால், மின்சாரம் அதன் வழியாகப் புகுந்து வெளியேறும் இடத்தில் அதையும் தின்னும். தென்னந்தோப்புக்கு ஒரு போர்வெல் இருக்கிற ஊரில் இது சண்டையில் முடியும்.

0.77 ஆம்பியருக்கு, குழாய்க்குப் பதிலாகத் தானே கரைந்து மின்சாரம் தரும் மக்னீசியம் ஆனோடு போதும். 7.7 கிலோ ஆனோடு ஒன்று இந்த மண்ணில் 100 மில்லி ஆம்பியர் தரும் என்று எடுத்துக்கொண்டால் எட்டு வேண்டும். ஓர் ஆம்பியருக்கு ஆண்டுக்கு சுமார் 8 கிலோ கரையும் என்பதால் ஆயுளும் சுமார் பத்து வருஷம்தான். இரட்டிப்பாகப் பதினாறு புதைத்தோம், சோதனைப் பெட்டியில் ரெசிஸ்டர் வைத்து மின்சாரத்தை மட்டுப்படுத்தினோம்.

சிமென்ட் பூச்சை நான் வெறுக்கவில்லை. அதன் காரத்தன்மை இரும்பை அமைதியாக வைத்திருக்கும், மின்சாரத்தையும் அது மறைக்காது. ஆனால் கரிசலின் அசைவில் விரிசல் விடும். இன்னொரு சிக்கலும் உண்டு: சிமென்டுக்குள் இருக்கும் இரும்பு மைனஸ் 0.2 வோல்ட் பக்கம் நிற்கும், வெறும் மண்ணில் இருக்கும் இரும்பு மைனஸ் 0.6 பக்கம். இரண்டையும் சேர்த்து வெல்டு செய்தால் அதுவே ஒரு பேட்டரி, கரைவது மண்ணில் இருப்பது. குழாய் நகராமல் பிடிக்கும் கான்கிரீட் த்ரஸ்ட் பிளாக்கை ஒட்டி வெளியே குழாய் ஓட்டையாவது இதனால்தான். எங்கள் லைனில் பிளாக்குக்குள்ளும் பாலித்தீன் பூச்சை விடாமல் கொண்டுபோனோம்.

மூன்றடுக்கும் மக்னீசியமும் என்று முடிவாகி, வேலை முடிந்து அளந்தபோது எல்லாக் கம்பங்களிலும் அளவு நன்றாக இருந்தது, பம்ப் ஹவுஸ் பக்கம் மட்டும் மைனஸ் 0.62. லைனிலிருந்து பம்ப் ஹவுஸுக்கு மின்சாரம் போகாமல் பிரிக்கும் மின்தடுப்பு ஃபிளாஞ்சின் இரு பக்கமும் ஒரே அளவு. அப்படியென்றால் தடுப்பு வேலை செய்யவில்லை, ஆனோடின் மின்சாரம் பம்ப் ஹவுஸ் எர்த்துக்கு ஓடுகிறது என்று அர்த்தம். அவிழ்த்துப் பார்த்தால், இருபது போல்ட்டில் ஒன்றுக்கு மின்சாரத்தை விடாத ஸ்லீவ் போட மறந்திருந்தார்கள்.