ஏஐ லோகோவை போர்டுக்கு வெட்டக் கொடுக்கும் முன்: மூன்று வருட டிரேஸ் அனுபவம்

மூன்று வருடமாக என்னிடம் வரும் லோகோக்களில் பாதிக்கு மேல் ஏஐ படக் கருவியில் உருவானவை. 1024-க்கு 1024 பிக்சலில் ஒரே ஒரு பிஎன்ஜி கோப்பு, அவ்வளவுதான் கையில் இருக்கும். திரையில் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. அதை வினைல் வெட்டும் பிளாட்டருக்கும் அக்ரிலிக் அறுக்கும் ரவுட்டருக்கும் ஏற்றபடி, பிக்சலுக்குப் பதில் கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன வெக்டராக மாற்றித் தருவது என் வேலை. இத்தனை நாளும் இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். படத்தின் விளிம்புகளைப் பின்பற்றிப் பாதைகளாக மாற்றுவதுதான் டிரேஸ். இங்க்ஸ்கேப்பின் Trace Bitmap வசதியில் உள்ளே ஓடும் போட்ரேஸ் நிரலைக் கட்டளையாகவும் தனியே ஓட்டுவேன்.

முதல் ஒரு வருடம் நான் தொடங்கிய இடமே தப்பு. படத்தைத் திறப்பேன், முழுசாக டிரேஸ் செய்வேன், அப்புறம் உட்கார்ந்து, பாதையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகளான நோடுகளை ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்வேன். இப்போது நோடுகளைத் தொடுவது கடைசி வேலை. முதல் வேலை, படத்தில் எதை டிரேஸ் செய்வது, எதைப் புதிதாக வரைவது என்று பிரிப்பது. இதைச் சரியாகச் செய்தால் மற்ற சிக்கல்களில் முக்கால்வாசி வராமலே போய்விடும். ஒரு லோகோவை வைத்தே சொல்கிறேன்.

வெளியே ஒரு பச்சை வளையம். உள்ளே இடமும் வலமுமாக இரண்டு கரும்பச்சை இலைகள். அவற்றுக்கு மேலே, கொஞ்சம் இடைவெளி விட்டு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு சூரிய வட்டம். கீழே பெயர். பின்னணி வெள்ளை. வளையத்தின் அகலம் படத்தில் 900 பிக்சல். போர்டில் அது 1200 மில்லிமீட்டர் வர வேண்டும். அப்படியானால் ஒரு பிக்சல் போர்டில் சுமார் 1.33 மி.மீ. எந்த வேலையிலும் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுவேன். திரையில் கண்ணுக்குத் தெரியாத பிசகு சுவரில் எவ்வளவு பெரிதாகும் என்று இதுதான் சொல்லும்.

வளையத்தை அளந்து பார்த்தேன். அகலம் 900, உயரம் 884. பதினாறு பிக்சல் வித்தியாசம் என்றால் போர்டில் 21 மி.மீ. தெருவில் நின்று பார்க்கிறவருக்கே அது முட்டை வடிவம் என்று தெரிந்துவிடும். வளையத்தின் தடிமனும் ஒரு பக்கம் 17 பிக்சல், இன்னொரு பக்கம் 23. டிரேஸ் இதையெல்லாம் திருத்தாது. கோணலை அப்படியே நம்பிக்கையோடு நகலெடுக்கும். அதனால் வட்டமாக இருக்க வேண்டியதை வட்டக் கருவியால் வரைவதே சரி. 20 பிக்சல் கோட்டுத் தடிமனில் ஒரு வட்டம், சூரியனுக்கு ஒரு முழு வட்டம். இரண்டு நிமிட வேலை. வரைந்த வளையத்துக்கு மறக்காமல் Path > Stroke to Path கொடுக்க வேண்டும். பிளாட்டர் கோட்டின் தடிமனைப் பார்ப்பதில்லை, பாதையைத்தான் பின்தொடரும். மாற்றாமல் அனுப்பினால் வளையத்துக்குப் பதில் நடுவில் ஒற்றை வெட்டு மட்டும் விழும்.

அடுத்தது எழுத்து. இதில் நான் எந்தச் சமரசமும் செய்வதில்லை. படத்தில் உள்ள எழுத்துகளை ஒருபோதும் டிரேஸ் செய்யாதீர்கள். இந்தப் பெயரில் ‘ம’ இரண்டு முறை வருகிறது. இரண்டும் ஒரே அகலத்தில் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளி ஒன்று எழுத்தின் உடம்போடு ஒட்டிக்கிடந்தது. நெருங்கிய எழுத்துருவைத் தேடி, பெயரைத் தட்டச்சு செய்து, Object to Path கொடுத்துவிட்டேன். லோகோவில் பயன்படுத்த அந்த எழுத்துருவின் உரிமம் இடம் தருகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சில எழுத்துருக்களில் ஒரே எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். திரையில் நிறம் நிரம்பியிருப்பதால் தெரியாது. வெட்டும்போது எழுத்துக்கு நடுவில் குறுக்கே கோடு விழும். ஒவ்வொரு எழுத்துக்கும் Union கொடுத்தால் தீர்ந்தது.

இப்போது மீதி இருப்பது இலைகள் மட்டும். ஒன்று மற்றொன்றின் பிரதிபிம்பம் போலத் தெரிந்தாலும் இடது இலை ஐந்து பிக்சல் மேலே இருந்தது, நுனியும் வேறு சாய்வு. வலது இலை நன்றாக இருந்ததால் அதை மட்டும் டிரேஸ் செய்து, புரட்டி நகலெடுப்பது என்று முடிவு செய்தேன். படத்தில் அந்த ஒரு இலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெள்ளையால் மூடி, தனிக் கோப்பாகச் சேமித்தேன்.

இப்படி மூடுவதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்ப காலத்தில் இதே போன்ற நிறங்கள் கொண்ட ஒரு லோகோவை மூன்று நிறங்களாகக் குறைத்து, மொத்தமாக டிரேஸ் செய்து அனுப்பிவிட்டேன். வினைல் வெட்டியவர் போன் செய்தார். “சார், பச்சையைச் சுத்தி நூல் மாதிரி ஆரஞ்சு ஒண்ணு வருது. உரிக்கும்போது அறுந்து அறுந்து போகுது, இது வேணுமா?” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 800 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பச்சை முடிந்து வெள்ளை தொடங்கும் இடத்தில் ஓரத்தை மென்மையாகக் காட்ட இடைநிறப் பிக்சல்கள் இரண்டு வரிசை இருக்கும். கரும்பச்சைக்கும் வெள்ளைக்கும் சரிபாதியில் வரும் அந்த வெளிறிய நிறம், எண் கணக்கில், பச்சையையும் வெள்ளையையும் விட ஆரஞ்சுக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. நிறங்களை மூன்றாகக் குறைத்தபோது அந்த ஓரம் முழுக்க ஆரஞ்சாகிவிட்டது. இலையைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நூல். ஒரு நேரத்தில் ஒரே நிறம், ஒரே பொருள் என்று பிரித்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. படம் கருப்பா வெள்ளையா என்ற ஒரே கேள்விக்கு வந்துவிடும்.

தனியாக்கிய இலைக்கு நான் ஓட்டும் கட்டளைகள் இவை. முதல் வரி படத்தைத் தயார் செய்யும் இமேஜ்மேஜிக், இரண்டாவது போட்ரேஸ்:

```
magick leaf.png -background white -alpha remove -colorspace Gray -resize 400% -blur 0x2 -threshold 60% leaf.pbm
potrace -s -t 100 -a 1.0 -O 0.4 leaf.pbm -o leaf.svg
```

முதல் வரியில் வரிசை முக்கியம். முதலில் நான்கு மடங்கு பெரிதாக்கிவிட்டு, அப்புறம் கருப்பு வெள்ளையாக வெட்ட வேண்டும். ஓரத்தில் உள்ள சாம்பல் பிக்சல்கள்தான் உண்மையான விளிம்பு எங்கே போகிறது என்ற தகவலை வைத்திருக்கின்றன. பெரிதாக்கும் முன்பே வெட்டினால் அந்தத் தகவல் போய்விடும், படிக்கட்டுதான் மிஞ்சும். 60 சதவீதம் என்பதும் சும்மா போட்டதில்லை. இந்தக் கரும்பச்சையின் சாம்பல் அளவு சுமார் 24 சதவீதம், வெள்ளை 100. நடுவே வெட்ட 62 வருகிறது. வழக்கமாகப் போடும் 50-ஐ விட்டிருந்தால் இலை சுற்றிலும் கொஞ்சம் மெலிந்திருக்கும். வெளிர் நிறம் என்றால் இந்த எண்ணை இன்னும் மேலே ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் உருவமே காணாமல் போகும். இரண்டாவது வரியில் `-t` என்பது எவ்வளவு சிறிய புள்ளிகளைத் தூக்கி எறிவது என்பது, `-O` என்பது வளைவுகளை எவ்வளவு தாராளமாக ஒன்று சேர்ப்பது என்பது. கட்டளை வேண்டாம் என்றால் இங்க்ஸ்கேப்பில் Speckles, Optimize என்ற பெயரில் இவையே இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகுதான் நோடு. பழைய முறையில் முழுப் படத்தையும் டிரேஸ் செய்து பார்த்தேன், 1,300-க்கு மேல் வந்தது. தனி இலைக்கு 41. இந்த இடத்தில் பலரும் Ctrl+L அழுத்தி Simplify கொடுப்பார்கள். நான் கொடுப்பதில்லை. அது வளைவையும் முனையையும் ஒன்றாகவே பாவிக்கிறது. அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் அதன் வீரியமும் கூடிக்கொண்டே போகும், கூர்மையான நுனி மழுங்கிவிடும். நோடு கருவியில் தேவையில்லாததைத் தேர்ந்து Delete அழுத்தினால் இங்க்ஸ்கேப் முடிந்தவரை வளைவைக் காப்பாற்றும். மெதுவான வழி, ஆனால் முடிவு நம் கையில் இருக்கும்.

இலையின் நுனியில்தான் அதிக நேரம் செலவானது. ஏஐ படத்தில் நுனி கூராக முடியவில்லை, மூன்று பிக்சல் அகலத்தில் தட்டையாக முடிந்திருந்தது. போர்டில் அது 4 மி.மீ. கடித்துத் துப்பியது போலத் தெரியும். அந்தச் சின்ன இடத்தில் மட்டும் ஏழு நோடுகள். ஆறை அழித்து, மீதி ஒன்றை இரண்டு பக்க வளைவுகளும் இயல்பாகச் சந்திக்கும் இடத்துக்கு இழுத்து, Shift+C கொடுத்து முனையாக்கினேன். கடைசியில் இலையின் வெளிக்கோட்டில் நின்றவை ஆறு நோடுகள்.

இலைக்குள் ஒரு வெள்ளை நரம்பு இருந்தது. அடியில் 4 பிக்சல், மேலே போகப் போக ஒரு பிக்சலாக மெலிகிறது. அதாவது 5.3 மி.மீ.யிலிருந்து 1.3 மி.மீ. வரை. ரவுட்டரில் போடுவது 3 மி.மீ. பிட். இடைவெளி அதைவிடக் குறுகினால் பிட் உள்ளே போகாது, நரம்பு பாதி வழியில் நின்றுவிடும். வினைலில் வெட்டலாம், ஆனால் அந்த ஊசி நுனியை உரிக்கும்போது பக்கத்துப் பச்சையும் சேர்ந்து கிளம்பும். நரம்பை 6 மி.மீ.யில் தொடங்கி 4 மி.மீ.யில் உருண்டையாக முடியும்படி நானே வரைந்து, Difference கொடுத்து இலையிலிருந்து கழித்தேன். படத்தில் இருந்த நளினம் கொஞ்சம் குறைந்தது உண்மை. தூரத்திலிருந்து பார்க்கும்போது இதுதான் தெளிவாகத் தெரிகிறது.

மூன்று வருடத்தில் டிரேஸ் மேல் எனக்கு இருக்கும் மதிப்பு கூடத்தான் செய்திருக்கிறது. இலை, பறவை, புகை, தூரிகை வீச்சு போன்ற இயல்பான வளைவுகளை அது பிரமாதமாகப் பிடிக்கும். நேர்கோடு, வட்டம், எழுத்து மூன்றிலும் அதை நம்பக்கூடாது. நிழலும் பளபளப்பும் உள்ள லோகோ வந்தால் டிரேஸ் பக்கமே போவதில்லை. லோகோ கொடுத்தவரோடு பேசித் தட்டையான ஒரு வடிவத்தை முடிவு செய்துவிட்டு, படத்தை அடியில் மங்கலாக வைத்து மேலே வரைந்துவிடுவேன்.

அனுப்பும் முன் Outline காட்சிக்கு மாறி ஒரு முறை முழுக்கப் பார்ப்பேன். நிறம் இல்லாமல் வெறும் கோடுகள் தெரியும்போது, வெட்டும் இயந்திரம் பார்ப்பதையே நாமும் பார்க்கிறோம். இரட்டைக் கோடு, ஏறிக் கிடக்கும் பாகம், மறந்துபோன புள்ளி எல்லாம் அங்கே மாட்டும். அளவுக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். இங்க்ஸ்கேப் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்கு வைக்கிறது. அதை 72 என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் திறந்தால் 1200 மி.மீ. போர்டு 1600 ஆகிவிடும். அதனால் கோப்பின் மூலையில் 100 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து, பக்கத்தில் அந்த எண்ணையும் எழுதி அனுப்புகிறேன். வெட்டுபவர் முதலில் அந்தச் சதுரத்தை அளந்துவிட்டு, அதை அழித்த பிறகுதான் இயந்திரத்தை ஓட்டுகிறார்.