"எல்லா போனுக்கும் வரும்" என்று சொல்லி விற்கும் எச்டிஎம்ஐ டாங்கிள்: வாங்கும் முன் படியுங்கள்

ஒரு அறுபதாம் கல்யாணத்தில் பழைய குடும்பப் படங்களை மண்டபத்து புரொஜக்டரில் காட்ட, முதல் நாள் ஒரு கடையில், போன் திரையை வயர் இல்லாமல் டிவியிலோ புரொஜக்டரிலோ காட்டும் டாங்கிள் வாங்கியிருக்கிறார்கள். அட்டைப் பெட்டியில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டின் படமும் உண்டு. கடைக்காரரும் "எந்த போனா இருந்தாலும் வரும் சார்" என்றிருக்கிறார். வீட்டாரிடம் இருந்தது கூகுள் பிக்ஸல்.

மண்டபத்தில் டாங்கிளைச் செருகியதும் திரையில் லோகோ வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது. டாங்கிளின் பவர் வயரைப் புரொஜக்டரின் யூஎஸ்பி துளையிலேயே மாட்டியிருந்தார்கள். பல டிவி, புரொஜக்டர்களில் அந்தத் துளை அரை ஆம்பியர்தான் தரும்; டாங்கிளுக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். 5V 1A என்று அச்சிட்ட சாதாரண போன் சார்ஜரில் மாட்டியதும் லோகோ நிலையாக நின்றது.

ஆனால் பிக்ஸலில் Cast திறந்தால் டாங்கிளின் பெயரே இல்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டும் வரவில்லை. உறவினர் ஒருவரின் சாம்சங் போனில் Smart View தொட்டதும் பெயர் வந்துவிட்டது. படங்களை அந்த போனுக்கு அனுப்பித்தான் விழாவை ஒப்பேற்றினார்கள்.

காரணம் இதுதான். இந்த மலிவு டாங்கிள்கள் பெரும்பாலும் மிராகாஸ்ட் முறையில் இயங்குபவை. போனும் டாங்கிளும் வைஃபை ரவுட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும். சாம்சங் போன்றவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். கூகுளோ ஆண்ட்ராய்டு 6-லிருந்து தன் சொந்த போன்களில் அதை எடுத்துவிட்டு, தன் முறையான கூகுள் காஸ்ட்டை மட்டும் வைத்திருக்கிறது. ஐபோனில் மிராகாஸ்ட் என்றுமே இருந்ததில்லை. அதற்கு ஆப்பிளின் சொந்த முறையான ஏர்ப்ளே வேண்டும். சில டாங்கிள்களில் பக்கவாட்டு பட்டனை அழுத்தினால் ஏர்ப்ளே முறைக்கு மாறும். பிக்ஸலுக்கு அந்த பட்டனாலும் பயனில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் தன் போனில் போட்டுக் காட்டி, "நல்லாத்தானே வேலை செய்யுது" என்று பணம் தர மறுத்துவிட்டார். பொருளில் பழுதில்லைதான், விற்கும்போது சொன்ன வார்த்தைதான் பொய். அதனால் உங்கள் போனிலேயே கடையில் போட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் போனின் மாடலைச் சொல்லி, "இந்த மாடலில் வேலை செய்யும்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த வரி இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

பிக்ஸல்காரர்கள் கூகுள் காஸ்ட் உள்ள கருவியையே வாங்க வேண்டும். அதற்கு வைஃபை தேவை. மண்டபத்தில் வைஃபை இல்லையென்றால் இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கருவி, படம் காட்டும் போன் இரண்டையும் அதில் சேருங்கள். இதை முந்தின நாளே வீட்டு டிவியில், அதே ஹாட்ஸ்பாட்டை வைத்துச் செய்து பார்த்துவிடுங்கள்.